நிறுவனத்தின் பெயருக்குக் கீழே ஒரு வரி

கேள்வி: "அம்மா, வணக்கம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, கோவை கணபதி பக்கம் ஒரு பவுண்டரியில் எட்டு வருடமாகத் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். கம்பெனி பெயர் 'எண்டர்பிரைசஸ்' என்று முடியும். பக்கத்துத் தெருவில் கேட்டால்கூடத் தெரியாது. சென்னை, ஓசூர் பக்கம் இருபது இடத்துக்கு மேல் விண்ணப்பம் போட்டுவிட்டேன், ஓர் அழைப்பும் இல்லை. கம்பெனியைப் பற்றி விண்ணப்பத்தில் எழுதலாமா? பெரிதாகக் காட்டினால் பொய்யாகிவிடும், உள்ளபடி எழுதினால் சின்ன இடம் என்று தள்ளிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. என் விண்ணப்பத்தையும், இங்கே என்ன வேலை நடக்கிறது என்ற விவரத்தையும் அனுப்பியிருக்கிறேன்."

பதில்: எழுதலாம், எழுதத்தான் வேண்டும். உங்கள் விண்ணப்பத்தை, அலுவலகத்தில் என் மேசைக்கு வரும் விண்ணப்பங்களைப் படிப்பதைப் போலவே படித்தேன். மேலே நிறுவனத்தின் பெயர். அதன் கீழே "தரப் பொறியாளர், 2017 முதல் இன்று வரை". அதற்கும் கீழே "தயாரிப்புகளின் தரத்தைக் கண்காணித்தல், ஆய்வு அறிக்கைகள் தயாரித்தல், வாடிக்கையாளர் புகார்களைக் கையாளுதல்" என்று மூன்று வரிகள் இருந்தன. முதலிலிருந்து கடைசி வரை இரண்டு முறை தேடிப் பார்த்தேன். பவுண்டரி என்ற சொல்லோ, வார்ப்பு என்ற சொல்லோ, நீங்கள் வார்க்கும் உலோகத்தின் பெயரோ இரண்டு பக்கங்களில் ஓரிடத்திலும் இல்லை.

நாள் முழுவதும் மோல்டிங் மணலின் நடுவே நிற்பவருக்கு, தாம் பவுண்டரியில் இருக்கிறோம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றாது. ஆனால் 'எண்டர்பிரைசஸ்' என்று முடியும் பெயரைப் படிப்பவருக்கு அது போல்ட், நட்டு விற்கும் கடையாகவும் இருக்கலாம், சிமென்ட் ஏஜென்சியாகவும் இருக்கலாம், மூன்று லேத் போட்ட பட்டறையாகவும் இருக்கலாம். பெயரை இணையத்தில் தேடுகிறவர்களும் உண்டு. அப்போது பெரும்பாலும் கிடைப்பது ஒரு வணிகப் பட்டியலில் உள்ள முகவரியும், யாரோ எடுத்த வாசல் கதவின் படமும்தான். நூறு விண்ணப்பங்கள் குவிந்திருக்கும் நாளில் அதற்கு மேல் தேடிக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. ஆகவே உங்கள் நிறுவனம் சிறியது என்பதற்காக அந்த இருபது இடங்களிலும் உங்களைத் தள்ளினார்கள் என்று நான் நினைக்கவில்லை. அது என்ன நிறுவனம் என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போயிருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதற்குத் தீர்வு, நிறுவனத்தின் பெயருக்கு நேர் கீழே, உங்கள் பதவிப் பெயருக்கு முன்பாக, நிறுவனத்தை அறிமுகப்படுத்தும் ஒரே ஒரு வரி. அதிகம் போனால் இரண்டு வரிகள். அதற்கு மேல் போனால் அது உங்கள் விண்ணப்பமாக இராமல் நிறுவனத்தின் விளம்பரமாகிவிடும். "முன்னணி", "புகழ்பெற்ற", "வேகமாக வளர்ந்துவரும்" போன்ற சொற்கள் அந்த வரியில் வேண்டாம்; புகழ்பெற்ற நிறுவனமாக இருந்தால் அந்த வரிக்கே தேவை இருந்திருக்காது. "ஐஎஸ்ஓ 9001 சான்று பெற்றது" என்பதும் அளவைச் சொல்லாது, ஏனென்றால் பத்துப் பேர் பணிபுரியும் இடத்திலும் அந்தச் சான்று இருக்கலாம், பத்தாயிரம் பேர் பணிபுரியும் இடத்திலும் இருக்கலாம்.

அளவைச் சொல்வதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 'சிறு தொழில் நிறுவனம்' அல்லது 'நடுத்தர நிறுவனம்' என்று எழுதினால் போதும் என்று நினைக்கிறார்கள். அரசு வகுத்த எல்லைகளின்படி அந்தச் சொற்களுக்குள் அடங்கும் வீச்சு மிகப் பெரியது, அந்த எல்லைகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2020 ஜூலை முதல் இருந்த விதிப்படி 'சிறு' நிறுவனத்தின் ஆண்டு விற்றுமுதல் 50 கோடி ரூபாய் வரை இருக்கலாம். 2025 ஏப்ரல் முதல் அந்த வரம்பு 100 கோடியாகிவிட்டது. இயந்திர முதலீட்டுக்கும் தனி வரம்பு உண்டு என்றாலும், 60 கோடி விற்றுமுதல் உள்ள ஒரு நிறுவனம் மார்ச் மாதத்தில் 'நடுத்தர' நிறுவனமாக இருந்து ஏப்ரலில் 'சிறு' நிறுவனமாக ஆகியிருக்க முடியும். அங்கே ஓர் இயந்திரம்கூடக் குறைந்திருக்காது. ஆகவே அந்தச் சொற்களை விட்டுவிட்டு, உங்கள் தொழிலில் இருப்பவர்கள் அளவைச் சொல்லிக்கொள்ளும் முறையிலேயே சொல்லுங்கள்.

ஒவ்வொரு தொழிலுக்கும் அப்படி ஓர் அளவுகோல் இருக்கிறது. நூற்பாலைக்காரர்கள் ஸ்பிண்டில் கணக்கில் பேசுவார்கள், மருத்துவமனையைப் படுக்கைகளின் எண்ணிக்கையால் சொல்வார்கள், லாரி போக்குவரத்தில் இருப்பவர்கள் எத்தனை வண்டி ஓடுகிறது என்றுதான் கேட்பார்கள். பல ஆண்டுகளுக்கு முன்பு "சூப்பர்வைசர், ஸ்பின்னிங் மில்" என்று மட்டும் எழுதியிருந்த ஒருவரின் விண்ணப்பத்தை நான் ஒதுக்கிவைத்தேன். பின்னர் வேறொரு காரணத்துக்காக அவரோடு பேச நேர்ந்தபோதுதான், முப்பதாயிரம் ஸ்பிண்டில் உள்ள ஆலையின் இரவு ஷிப்டை அவர் தனியாகப் பார்த்துக்கொள்கிறார் என்று தெரிந்தது. அதற்குள் அந்த வேலைக்கு வேறொருவரை எடுத்துவிட்டோம். அது என் தவறுதான், இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அந்த ஓர் எண் தாளில் இருந்திருந்தால் அந்தத் தவறு நடந்திருக்காது.

பவுண்டரிக்கு அளவுகோல் மாதத்துக்கு எத்தனை டன் என்பது. இங்கே நீங்கள் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த 'டன்' இரண்டு விதமானது. நீங்கள் அனுப்பிய விவரப்படி உங்களிடம் ஒரே மின்னமைப்பில் மாறிமாறி இயங்கும் 500 கிலோ இண்டக்‌ஷன் பர்னஸ் இரண்டு இருக்கின்றன. இரண்டு ஷிப்டும் சேர்த்து நாளொன்றுக்குப் பதினாறு ஹீட் எடுக்கிறீர்கள், அதாவது பதினாறு முறை ஒரு பர்னஸ் நிறைய உருக்குகிறீர்கள். அப்படியானால் ஒரு நாளைக்கு 8 டன், மாதத்துக்கு 25 வேலை நாள் என்று கொண்டால் 200 டன் உலோகத்தை உருக்குகிறீர்கள். ஆனால் அவ்வளவும் விற்பனைக்குப் போவதில்லை. அச்சுக்குள் உலோகம் ஓடும் வழியான ரன்னரிலும், சுருக்கத்தை ஈடுகட்ட விடும் ரைசரிலும் உறைந்தது, கழிக்கப்பட்ட வார்ப்புகள் ஆகியவை மறுபடியும் பர்னஸுக்கே திரும்புகின்றன. உங்கள் கணக்கின்படி உருக்கியதில் 60 சதவீதம் நல்ல வார்ப்பாக வெளியேறுகிறது, அதாவது 120 டன். விண்ணப்பத்தில் எழுத வேண்டியது இந்த 120தான். 'நல்ல வார்ப்பு' என்றோ 'அனுப்பப்படும் வார்ப்பு' என்றோ சேர்த்து எழுதுங்கள். பெரிதாகத் தெரிகிறதே என்று 200 டன் என்று எழுதினால், பவுண்டரி தெரிந்த ஆலைத் தலைவர் பர்னஸின் கொள்ளளவையும் நீங்கள் சொன்ன டன்னையும் நேர்காணலில் மனக்கணக்காகவே ஒப்பிட்டுவிடுவார். கணக்கு ஒத்துவராவிட்டால், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எந்த எண்ணையும் அவர் நம்பமாட்டார்.

டன் கணக்கு ஆலைத் தலைவருக்குப் புரியும். ஆனால் விண்ணப்பத்தை முதலில் சலிப்பவர் மனிதவளத் துறையில் இருக்கும் ஓர் இளைஞராக இருப்பார். அவர் பவுண்டரிக்குள் காலெடுத்து வைத்திருக்கவே மாட்டார். அவருக்குப் புரியும் அளவு ஆட்களின் எண்ணிக்கை. எனவே அந்த வரியில் இரண்டு எண்களும் இருக்க வேண்டும்.

ஆட்களின் எண்ணிக்கையிலும் உங்களைப் போன்றவர்கள் அறியாமல் மாட்டிக்கொள்ளும் ஓரிடம் உண்டு. உங்கள் நிறுவனத்தில் 108 பேர் வேலை செய்வதாகவும், அதில் 38 பேர் மட்டுமே நேரடிப் பணியாளர்கள், மோல்டிங்கிலும், வார்ப்பைத் தட்டித் தேய்த்துச் சுத்தம் செய்யும் பெட்லிங்கிலும் இருக்கும் மற்ற 70 பேர் ஒப்பந்ததாரரின் ஆட்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் இணையதளத்தில் எந்த நிறுவனத்தின் பெயரைத் தேடினாலும், அது ஒவ்வொரு மாதமும் எத்தனை பேருக்குப் பணம் கட்டியது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒப்பந்ததாரருக்குத் தனிப் பதிவெண் இருந்தால் அவருடைய ஆட்கள் அங்கே உங்கள் நிறுவனத்தின் கணக்கில் வரமாட்டார்கள். நீங்கள் "108 பணியாளர்கள்" என்று எழுதியிருக்க, சரிபார்ப்பவர் அங்கே 38 என்று கண்டால், நீங்கள் சொன்னது உண்மையாக இருந்தும் பொய்யாகத் தோன்றும். அதனால் "நேரடிப் பணியாளர்கள் 38, ஒப்பந்தத் தொழிலாளர்கள் 70" என்று பிரித்தே எழுதுங்கள்.

விற்றுமுதலை எழுத வேண்டாம் என்பது என் கருத்து. பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக இருந்தால் அதன் ஆண்டுக் கணக்கு கம்பெனிகள் பதிவாளரிடம் தாக்கலாகிறது, கட்டணம் செலுத்தினால் எவரும் பார்க்கலாம். அங்கே பணிபுரிபவர் விற்றுமுதலைக் குறிப்பிடுவதில் தவறில்லை. உங்களுடையது தனி உரிமையாளர் நடத்தும் தொழில் என்பதால் அந்தத் தொகை பொதுவில் இல்லை, உங்கள் முதலாளியின் சொந்த விவரம் அது. டன்னும் ஆட்களும் தெரிந்த ஒருவருக்கு அந்த ரூபாய்க் கணக்கு தேவைப்படுவதும் இல்லை.

அடுத்தது துறை. "வார்ப்புத் தயாரிப்பு" என்பது மட்டும் போதாது. என்ன உலோகம், எந்தப் பொருளுக்கு, எவ்வளவு எடை என்ற மூன்றும் சேர்ந்தால்தான் துறை தெரியும். கிரே அயர்ன், எஃப்ஜி 200, எஃப்ஜி 260 தரங்கள், பம்பின் கேசிங்கும் மோட்டாரின் உடலும், ஒரு வார்ப்பு 3 கிலோவிலிருந்து 40 கிலோ வரை என்று எனக்கு எழுதியிருக்கிறீர்களே, அதில் எல்லாமே இருக்கிறது. அந்த வாக்கியத்தைப் படித்ததும் நீங்கள் எந்த மணலில், எந்த மாதிரி கோர்களோடு, எந்தக் குறைபாடுகளோடு தினமும் போராடுகிறீர்கள் என்பது பவுண்டரி அறிந்தவருக்கு விளங்கிவிடுகிறது. எனக்கு எழுதியதை விண்ணப்பத்தில் விட்டுவிட்டீர்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

வாடிக்கையாளர்களின் பெயர்களை எழுதலாமா என்பதை முதலாளியிடம் நேரில் கேட்டுவிடுங்கள். சில பம்ப் நிறுவனங்கள் தங்களுக்கு யார் வார்ப்புச் செய்து தருகிறார்கள் என்பதை வெளியிடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குகின்றன. அனுமதி கிடைக்காவிட்டால் "கோவைப் பகுதியின் விவசாயப் பம்ப் தயாரிப்பாளர்கள் நால்வருக்கு" என்று வகையைச் சொன்னால் போதும். உங்கள் வார்ப்பு ஒரு பம்ப் நிறுவனத்துக்குப் போய், அந்தப் பம்பை ஒரு பெரிய குழுமம் வாங்குகிறது என்றால், அந்தக் குழுமத்தின் பெயரை உங்கள் வாடிக்கையாளராக எழுதாதீர்கள். நேரடியாகப் பொருள் கொடுப்பவருக்கும், அவருக்குப் பொருள் கொடுப்பவருக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரிய நிறுவனங்கள் மிகக் கறாராகப் பார்க்கின்றன.

இவற்றையெல்லாம் சேர்த்தால் அந்த வரி இப்படி அமையும். ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே வரிசையைப் பின்பற்றுங்கள்.

> கோவையில் இயங்கும் கிரே அயர்ன் பவுண்டரி, விவசாயப் பம்ப் தயாரிப்பாளர்கள் நால்வருக்குக் கேசிங், மோட்டார் உடல் வார்ப்புகள் (எஃப்ஜி 200, எஃப்ஜி 260, 3 முதல் 40 கிலோ). மாதம் சுமார் 120 டன் நல்ல வார்ப்பு. நேரடிப் பணியாளர்கள் 38, ஒப்பந்தத் தொழிலாளர்கள் 70.

இந்த வரி வந்த பிறகு, அதற்குக் கீழே இருக்கும் உங்கள் வேலையைப் பற்றிய வரிகளையும் மாற்றி எழுத வேண்டியிருக்கும், ஏனென்றால் நிறுவனத்தின் அளவு தெரிந்ததும் பதவியின் பொருளும் மாறிவிடுகிறது. பெரிய பவுண்டரியில் 'தரப் பொறியாளர்' என்பவர் மணல் சோதனையை மட்டுமோ, இறுதி ஆய்வை மட்டுமோ பார்ப்பவராக இருக்கலாம். 38 பேர் இருக்கும் இடத்தில் அதே பெயருள்ளவர் காலையில் மணலின் ஈரப்பதத்தையும் காற்றுப் புகுதிறனையும் சோதித்து, ஒவ்வொரு ஹீட்டிலும் ஸ்பெக்ட்ரோமீட்டர் மாதிரியைப் பார்த்து, மாலையில் வாடிக்கையாளரின் இயந்திரப் பட்டறைக்குப் போய்ப் புகாருக்குப் பதில் சொல்பவராக இருப்பார். உங்கள் விவரத்தைப் பார்த்தால் நீங்கள் இரண்டாவது வகை. "அனைத்துத் தரப் பணிகளும்" என்று அதை ஒரே சொல்லில் அடைத்துவிடாமல், இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். உங்களுக்குக் கீழே எத்தனை ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், நீங்கள் யாருக்குப் பதில் சொல்கிறீர்கள் என்பதையும் சேருங்கள். நேரடியாக முதலாளிக்கே பதில் சொல்கிறீர்கள் என்றால், சிறிய நிறுவனத்தில் அது இயல்புதான் என்றாலும், எழுதினால்தான் வெளியாருக்குத் தெரியும்.

ரிஜெக்‌ஷனை மூன்று ஆண்டுகளில் 9 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்குக் கொண்டுவந்ததாகக் கடிதத்தில் ஓர் ஓரமாக எழுதியிருக்கிறீர்கள். விண்ணப்பத்தில் அது இல்லை. அதைச் சேர்க்கும்போது, அது உங்கள் பவுண்டரிக்குள்ளேயே பிடிபட்ட கழிவா, வாடிக்கையாளர் இயந்திரத்தில் கடைந்த பிறகு திருப்பி அனுப்பியதா, எடையால் கணக்கிட்டதா, எண்ணிக்கையாலா என்று தெளிவாக்குங்கள். வார்ப்பின் தோலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் காற்றுக்குமிழ் பல நேரங்களில் கடைந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். ஆகவே உள்ளே 5 சதவீதம், வெளியே இன்னொரு 3 சதவீதம் என்ற நிலை இருக்கக்கூடும் என்பது நேர்காணல் செய்பவருக்குத் தெரியும், கேட்பார். உங்களுடையது உள்ளே பிடிபட்டது, எடையால் கணக்கிட்டது என்றால் அப்படியே எழுதுங்கள். மேலே 120 டன் என்ற எண் இருப்பதால், 4 சதவீதக் குறைவு என்றால் மாதம் ஏறத்தாழ 5 டன் வார்ப்பு மறுபடியும் பர்னஸுக்குப் போகாமல் தப்பியது என்று படிப்பவர் தாமே கணக்கிட்டுக்கொள்வார். நிறுவனத்தின் அளவு இல்லாமல் "4 சதவீதம் குறைத்தேன்" என்று மட்டும் எழுதினால் அது 4 கிலோவா 400 டன்னா என்று ஒருவருக்கும் தெரியாது.

பெயர் விஷயத்தில் ஒரு வேலையை இந்த வாரமே செய்துவிடுங்கள். தனி உரிமையாளர் தொழிலில் பலகையில் இருக்கும் பெயர் ஒன்றாகவும், ஜிஎஸ்டி பதிவில் சட்டப்படியான பெயர் உரிமையாளரின் சொந்தப் பெயராகவும் இருக்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் பதிவெண்ணைக் கொடுத்துத் தேடினால் இரண்டும் தெரியும். உங்கள் வைப்பு நிதிக் கணக்கின் பணி வரலாற்றில் எந்தப் பெயர் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் சேர்ந்ததாக இருக்கிறது என்று பாருங்கள். 2017இல் சேர்ந்தும் வைப்பு நிதி 2018இல்தான் தொடங்கியது என்பது போன்ற இடைவெளி சிறிய நிறுவனங்களில் நிறைய உண்டு. அப்படி இருந்தால், முதல் மாதங்களின் சம்பளச் சீட்டையோ வங்கிக் கணக்கின் பதிவையோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் பணி நியமனக் கடிதத்தில் உள்ள பெயரையே எழுதுங்கள். வைப்பு நிதிப் பதிவில் வேறு பெயர் இருந்தால், பின்னணிச் சரிபார்ப்புப் படிவம் வரும்போது அதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

இந்த வரியால் ஆகாததையும் சொல்ல வேண்டும். நீங்கள் விண்ணப்பித்த இருபது இடங்களில் பல, வாகன உதிரிபாக நிறுவனங்கள். அவற்றில் சில பதவிகளுக்கு வாகனத் துறையின் ஐஏடிஎஃப் 16949 தர முறையில் வேலை செய்த அனுபவம் கட்டாயம். பம்ப் வார்ப்புச் செய்யும் உங்கள் நிறுவனத்தில் அது இல்லை. எவ்வளவு அழகாக எழுதினாலும் அந்தப் பதவிகளுக்கு அழைப்பு வருவது கடினம். அவற்றுக்குச் செலவிடும் நேரத்தை வேறு பக்கம் திருப்புங்கள். வார்ப்புகளை வெளியிலிருந்து வாங்கும் பம்ப், மோட்டார், கம்ப்ரசர், டிராக்டர் நிறுவனங்களில் 'சப்ளையர் குவாலிட்டி' என்று ஒரு பதவி இருக்கிறது. வார்ப்புக் கொடுக்கும் பவுண்டரிகளுக்கு நேரில் போய், குறைபாடு எங்கே உண்டாகிறது என்று கண்டுபிடித்து, அதைத் திருத்தவைப்பதுதான் அந்த வேலை. அவர்கள் போய் நிற்கும் பவுண்டரிகளில் பல, 500 கிலோ பர்னஸும் நூறு ஆட்களும் உள்ள, உங்களுடையதைப் போன்ற இடங்கள்தான். அந்தப் பதவிக்கு ஆள் தேடுபவர் உங்கள் நிறுவனத்தின் பெயருக்குக் கீழே அந்த வரியைப் படித்தால், தாம் வாரந்தோறும் போய்வரும் இடத்துக்குள்ளேயே எட்டு ஆண்டுகள் இருந்தவர் நீங்கள் என்பதை உடனே புரிந்துகொள்வார். வரியைச் சேர்த்த விண்ணப்பத்தை முதலில் அங்கே அனுப்புங்கள். ஆறு வாரங்கள் கழித்து, எங்கிருந்து அழைப்பு வந்தது, எங்கிருந்து வரவில்லை என்பதை எனக்கு எழுதுங்கள்.